‘சில டிரம்கள் விழுந்திருந்தன’: ரிப்போர்ட்டில் எங்கே தப்பு?

மணலி_ஷிஃப்ட்: குடோனில் நேற்று நைட் ஷிஃப்டில் ஆயில் டிரம் சரிந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதிய ரிப்போர்ட்டை மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். எழுதியது இதுதான்: "ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருகிறது. சில டிரம்கள் விழுந்திருந்தன. பலர் ஓடினார்கள். சிறிது நேரத்தில் சூப்பர்வைசர் வருகிறார். ரேக் விரைவில் சரிசெய்யப்படும்." இதில் எங்கே தப்பு?

காசிமேட்டுக்காரன்: எல்லாவற்றையும் இறந்தகாலமாக மாற்று தம்பி, சில, பல வருகிற இடத்திலெல்லாம் நம்பரைப் போடு. அஞ்சு நிமிட வேலை.

பழைய_சேஃப்டி: பாதி சரி. வந்தது, ஓடினார்கள், இதெல்லாம் முடிந்துபோனது. ஆனால் ரேக்கின் கால் வளைந்து இன்னும் அப்படியே நிற்கிறது என்றால்? "வளைந்தது" என்று முடித்துவிட்டால், படிக்கிறவர் அது சரியாகிவிட்டது என்று நினைத்து அதன் கீழே ஆளை அனுப்பிவிடுவார். அங்கே மட்டும் நிகழ்காலம், பார்த்த நேரத்தோடு: "காலை 6.30 மணி நிலவரப்படி இடது கால் வளைந்திருக்கிறது."

அதைவிடப் பெரிய வம்பு "விழுந்திருந்தன". நீங்கள் பார்க்கும்போதே டிரம்கள் கீழே கிடந்தன என்றுதான் அதற்கு அர்த்தம். விழுவதைக் கண்ணால் பார்த்தீர்களா?

மணலி_ஷிஃப்ட்: இல்லை சார், சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

பழைய_சேஃப்டி: அப்போ அதையே எழுதுங்கள். "சத்தம் கேட்டுத் திரும்பினேன், 4 டிரம்கள் தரையில் கிடந்தன." வண்டி இடித்து விழுந்ததா, அதற்கு முன்பே சரிந்ததா என்று விசாரிக்கப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் வேண்டும்.

வண்ணை_அக்கா: எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லர் என் ஸ்கூட்டரை உரசியபோது இன்சூரன்ஸுக்கு "மாலையில்" என்று எழுதினேன், நேரம் கேட்டார்கள். குத்துமதிப்பாக 6 மணி என்று போட்டேன். மெக்கானிக் பில்லில் 5.40! அதற்கு ஒரு மாதம் அலைந்தேன்.

காசிமேட்டுக்காரன்: பார்த்தீர்களா, நம்பர் போட்டால் மாட்டிக்கொள்வோம். "பலர்" என்றே இருக்கட்டும்.

பழைய_சேஃப்டி: நீங்கள்தானே நம்பர் போடச் சொன்னீர்கள்! அக்கா மாட்டியது நம்பரால் இல்லை, ஊகித்த நம்பரால். டிரம்மை எண்ணலாம். சூப்பர்வைசர் வந்த நேரத்தை கேமராவில் எடுக்கலாம், ஆனால் அந்தக் கடிகாரத்தை முதலில் போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கள் யார்டில் 7 நிமிடம் முந்தி ஓடியது. எண்ண முடியாததை யார் சொன்னார் என்பதோடு எழுதுங்கள்: "3 அல்லது 4 பேர் ஓடியதாக லோடுமேன் சொன்னார்."

மணலி_ஷிஃப்ட்: சரி சார். "விரைவில்" என்பதை என்ன செய்வது? மெயின்டனன்ஸ்காரர் தேதியே சொல்ல மாட்டேன் என்கிறார்.

பழைய_சேஃப்டி: உங்கள் கையில் இல்லாத தேதிக்கு நீங்கள் ஏன் வாக்குக் கொடுக்க வேண்டும்? "காலை 7.10க்கு மெயின்டனன்ஸிடம் எழுதிக் கொடுத்தேன், முடிக்கும் தேதி இதுவரை வரவில்லை."

காசிமேட்டுக்காரன்: அது அவரைப் போட்டுக்கொடுக்கிற மாதிரி ஆகாதா?

மணலி_ஷிஃப்ட்: அதுதான் அண்ணா எனக்கும் யோசனை. தினமும் அவரோடுதான் டீ குடிக்கிறேன்.