"பேனாவை முதல்ல நீட்டுங்க": கஜா நிவாரணத்தில் கேட்ட ஒரு பேச்சு

திருச்சியிலிருந்து, தன்னார்வலராகப் போனவர்:

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ஒரு வாரம் கழித்து நாங்கள் 14 பேர் ஒரு லாரியோடு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் சாய்ந்து கிடந்த வேப்பமரத்தின் மேல் எங்களை உட்கார வைத்து, ஒருங்கிணைப்பாளர் அக்கா இருபது நிமிடம் பேசினார். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கு. ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த பட்டியலில் 212 தலைக்கட்டு இருந்தது. அக்கா அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. "தலைக்கட்டுங்கறது கோயில் வரிக்குப் போட்ட கணக்கு. புருஷன் இல்லாத பொம்பளைங்க அதுல வரமாட்டாங்க. காலனியும் வராது. நேத்து ராத்திரி நாங்க வீடு வீடாப் போய் அடுப்பைத்தான் எண்ணினோம். 247 அடுப்பு." லாரியில் 250 பை இருந்தது. அதாவது கையில் மிச்சம் மூன்றுதான்.

அப்புறம் வேலைப் பிரிவு. டோக்கன் பார்த்து, பெயரைத் தேடி, கையெழுத்து வாங்க ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஒரே மேஜை என்றால் எட்டு மணி நேரம் ஓடிவிடும். அதனால் மூன்று மேஜை, மணிக்கு 90 பேர். டோக்கனும் மூன்று நிறம்: மஞ்சள் 9 மணிக்கு, ரோஸ் 10 மணிக்கு, வெள்ளை 11 மணிக்கு. யாரும் வெயிலில் மூன்று மணி நேரம் காத்து நிற்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. வருவது முன்வாசல் வழியாக, போவது பின்வாசல் வழியாக.

"பை கொடுக்கிற கைக்கு எந்த அதிகாரமும் கிடையாது" என்று இரண்டு தடவை சொன்னார். டோக்கன் இல்லாமல் யாராவது வந்தால் கொடுப்பவர் மறுக்கவும் வேண்டாம், இரங்கிக் கொடுக்கவும் வேண்டாம். "வாங்கம்மா, அங்க நாற்காலியில உக்காருங்க, அக்கா பேசுவாங்க" என்று அனுப்பிவிட வேண்டும். முடிவு எடுப்பது அந்த ஒரு நாற்காலியில் மட்டும்.

மேஜையில் இருந்த என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "பேனாவை முதல்ல நீட்டுங்க. மை டப்பா மேஜைக்குக் கீழ இருக்கட்டும். கேட்டா மட்டும் எடுங்க." மஞ்சள் வரிசையில் ஒரு பாட்டி வந்தார். கிழிந்த சேலையைப் பார்த்ததும் என் கை டப்பாவைத் தேடிப் போனது. சட்டென்று நிறுத்திப் பேனாவைக் கொடுத்தேன். இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதி, கடைசியில் புள்ளியும் வைத்தார். எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

படம் எடுக்கக் கூடாது, "உங்களுக்கு என்னம்மா போச்சு?" என்று வரிசையில் நிற்பவரிடம் கேட்கக் கூடாது, பையை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். நாப்கினுக்கென்று தனி வரிசை இல்லை. முதல் நாளே பெண்கள் அதைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

ஒரு தவறும் நடந்தது. எங்கள் பையன் ஒருவன், அழுத ஒரு தாத்தாவுக்கு இரண்டாவது பை கொடுத்துவிட்டான். ஒவ்வொரு 50 கையெழுத்துக்கும் பையை எண்ண வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. 100 கையெழுத்துக்கு 101 பை போயிருந்தது, அதில் தெரிந்துபோனது. அதற்குள் பின்வாசலில் நான்கு பேர் "அவருக்கு ரெண்டு, எங்களுக்கு?" என்று நின்றார்கள். அக்கா அவர்களிடம் போய், தப்பு எங்களுடையது, இனி நடக்காது என்றார். தாத்தாவிடம் பையைத் திருப்பிக் கேட்கவில்லை.

கும்பகோணத்திலிருந்து:

இவ்வளவு எதற்கு? ரேஷன் கார்டைக் காட்டினால் ஒரு பை, முடிந்தது. கார்டு நம்பரைக் குறித்துக்கொண்டால் இரண்டு தடவை வாங்க முடியாது. வீடு வீடாக அடுப்பு எண்ண யாருக்கு நேரம்?

நாகப்பட்டினத்திலிருந்து, 2004 சுனாமியிலிருந்து நிவாரண வேலை பார்ப்பவர்:

இரண்டு தடவை வாங்குவதைக் கார்டு தடுக்கும், அது சரி. நகரத்து வார்டில் நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் கூரை பறந்த வீட்டில் கார்டு எங்கே இருக்கும்? அதோடு ஒரே கார்டில் அப்பா, இரண்டு மகன்கள், மூன்று அடுப்பு என்று இருப்பதும் உண்டு. கார்டு தொலைந்தவர்களுக்குத்தான் பை முதலில் வேண்டியிருக்கும்.

அடுப்புக் கணக்கிலும் ஓட்டை உண்டு. முகாமில் படுத்திருப்பவரின் அடுப்பு அன்றைக்கு எரியாது. உறவினர் வீட்டுக்குப் போனவரும் விட்டுப்போவார். எண்ணி முடித்த பிறகு பெயர்களை ஊரிலும் காலனியிலும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போன பெயரை ஜனங்களே சொல்லிவிடுவார்கள்.

நான் முதலில் பார்ப்பது இடத்தைத்தான். கோயில் வாசலில் வைத்தால் காலனி ஆட்கள் ஓரமாக நின்று, எல்லாரும் போன பிறகுதான் வருவார்கள். நடுவில் இருக்கும் பள்ளிக்கூடம் நல்ல தேர்வு. கூட்டம் நெருக்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு அடையாளம் தெரியும். நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வருவார்கள். பொருள் தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். அப்போது நான் லாரியின் பின்கதவைத் திறந்து, எத்தனை பை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

புதுக்கோட்டையிலிருந்து:

லாரிக் கதவைத் திறப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கஜா சமயத்தில் எங்கள் வண்டியை வழியில் மறித்தார்கள். தார்ப்பாய் கண்ணில் பட்டதும் கூட்டத்தைத் தடுக்க முடியவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐந்து நாள் யாருமே அந்தப் பக்கம் போகவில்லை. ஆனாலும் மூடித்தான் கொண்டுபோவேன்.

நாகப்பட்டினத்திலிருந்து:

சாலையில் மூடி வைப்பது வேறு. டோக்கன் கையில் இருக்கிற ஊரில் மறைத்தால் சந்தேகம்தான் வளரும். உங்கள் அனுபவத்தையும் தள்ள முடியவில்லை.

திருச்சியிலிருந்து:

தார்ப்பாய் எங்களிடம் 150தான் இருந்தது. கூரை முழுக்கப் போன 131 வீட்டுக்கு மட்டும் என்று முதல் நாளே அறிவித்தார்கள். மிச்சம் 19. பாதிக் கூரை போனவர்கள் அதைவிட அதிகம். அந்த நாற்காலியில் சண்டை வந்தது இதற்கு மட்டும்தான். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலில் என்று அக்கா முடிவு செய்தார். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

பேராவூரணிப் பக்கமிருந்து ஒரு அம்மா:

நீங்கள் கொடுத்தவர்கள், நான் வாங்கியவள். எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னை. ஒரே ராத்திரியில் எல்லாம் சாய்ந்தது. என் மாமனார் வைத்த மரங்கள். நாலாம் நாள் எங்கள் தெருவுக்கு ஒரு வண்டி வந்தது. அரிசியும் மெழுகுவர்த்தியும் கொடுத்தார்கள். பையை நான் பிடித்த பிறகும் அவர்கள் விடவில்லை. "இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்றார்கள். பார்த்தேன். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி என் மகளின் மாமியார் வீடு வரை போய்விட்டது. அடுத்த வண்டிக்கு நான் போகவில்லை. வீட்டில் அரிசி இல்லாதபோதும் போகவில்லை.

இங்கே கேட்க வேண்டியது ஒன்று. என்னைப் போல வரிசைக்கே வராதவர்களை உங்கள் அக்கா எப்படிக் கண்டுபிடித்தார்?

திருச்சியிலிருந்து:

அம்மா, 247 கையெழுத்தில் 9 விழவில்லை. சாயங்காலம் அந்த ஒன்பது பெயரையும் எடுத்துக்கொண்டு அக்காவும் அந்த ஊர்ப் பெண் ஒருவரும் மட்டும் சைக்கிளில் போனார்கள். எங்களை வர வேண்டாம் என்றார்கள். ஏழு வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீடு பூட்டியிருந்தது. இன்னொரு வீட்டில் காபி கொடுத்து, பை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். அவர்களுக்கு என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.