வீட்டுக்கு மேலாளர் குடும்பம் வருகிறது, வாசலில் எப்படி வரவேற்பது? (அவசரம்)

கருங்கல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரருடைய மேலாளரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வருகிறார்கள். கும்பிடவா, கை கொடுக்கவா, வாசலில் என்ன சொல்ல? அம்மாவிடம் கேட்டால், "முகம் கோணாம வான்னு சொல்லு மக்களே, உப்பில்லாத கூழானாலும் அமிர்தம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்கிறாள். முகம் கோணாமல் இருப்பதற்குக்கூட முதலில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டாமா? படபடப்பாக இருக்கிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தம்பி (ஜெர்மனி):
அக்கா, முதல் விஷயம் நேரம். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே மணி அடிப்பார்கள், அப்போது நீங்கள் அடுப்படியில் நிற்கக் கூடாது. கை கொடுங்கள், குழந்தைகளும் கொடுக்கட்டும். இன்னொன்று, நம்ம ஊரில் மாதிரி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அழுத்தாதீர்கள். இங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வந்த புதிதில் ஒரு வீட்டில் கேக் வேண்டுமா என்றார்கள், மரியாதைக்கு வேண்டாம் என்றேன், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிரில் பசியோடு பஸ்ஸுக்கு நின்றதை இன்னும் மறக்கவில்லை. மீனும் விருந்தாளியும் மூன்று நாளில் நாறும் என்று இவர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

குளச்சல் கடலோடி:
மூன்று நாளா? நம்மிடமும்தான் இருக்கிறது, விருந்தும் மருந்தும் மூன்று நாள். என் அறைக்கு ஒரு சொந்தக்காரன் வேலை தேடி வந்தான், மாதக்கணக்கில் இருந்தான், வாடகையில் கால் காசு தரவில்லை. மூன்றாம் நாளே பெட்டியைக் கையில் கொடு என்பதுதான் பழமொழிக்கு அர்த்தம்.

அதுக்கு முன்னாடி நான் வந்த புதிதில் ஒரு தூரத்து உறவினர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "ம்" என்றார். சோறு போட்டார்கள், கறி மீன் எல்லாம் இருந்தது, எனக்கு இறங்கவில்லை. மதியாதார் முற்றம் மிதியாமை கோடி பெறும் என்று ஔவை சும்மாவா பாடினாள். வெளிநாட்டுக்கு வந்தால் நம்ம ஆட்களே இப்படித்தான் மாறிவிடுகிறார்கள். சம்பளம் கூடினால் சிரிப்பு குறையும்.

மார்த்தாண்டம் தம்பி (ஜெர்மனி):
அண்ணே, அதில் உண்மை இருக்கிறது. இங்கேயும் நம்ம ஊர் சங்கத்தில்...

நாகர்கோவில் டீச்சர்:
தம்பிமாரே, அந்தப் பெண் கேட்டது வாசலில் என்ன செய்ய என்று. ஒருத்தருக்கு வாடகை, ஒருத்தருக்கு கேக்.

மகளே, அம்மா சொன்னது சரி. "ஒப்புடன் முகமலர்ந்தே உபசரித்து உண்மை பேசி உப்பிலாக் கூழிட்டாலும் உண்பதே அமிர்தமாகும்." ஔவை பாட்டு என்று பலர் சொல்வார்கள், அது விவேக சிந்தாமணி. அதே பாட்டின் அடுத்த பாதியில், முப்பழமும் பாலும் சோறும் முகத்தைக் கடுத்து இட்டால் இருக்கிற பசிதான் கூடும் என்று வருகிறது. கடலோடித் தம்பிக்கு மீன் இறங்காதது அதனால்தான்.

என்ன செய்ய என்ற கேள்விக்குக் குறளும் உரையும் கூடுதல் உதவும். மோந்தால்தான் அனிச்சம் வாடும், முகம் திரிந்து பார்த்தாலே விருந்து வாடும் என்கிறது தொண்ணூறாம் குறள். பரிமேலழகர் அங்கே ஒரு வரிசை சொல்கிறார். விருந்தினரைத் தூரத்தில் காணும்போதே இன்முகம், கிட்டே வந்ததும் இன்சொல், அவர் இசைந்து உள்ளே வந்த பிறகுதான் மற்ற உபசாரம். நம்ம வீடுகளில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆள் படியேறும்போது அடுப்படியில் இருந்துகொண்டு "வாங்க வாங்க, இருங்க வாறேன்" என்று குரல் மட்டும் போகும், சாயாவோடுதான் முகம் வரும். அதனால் அவர்கள் வண்டி நின்றதுமே நீங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து நில்லுங்கள். நாலு அடி தூரத்திலேயே உங்கள் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் பேச்சு. பலகாரம் பதினைந்து நிமிடம் தாமதித்தாலும் குற்றமில்லை.

எந்த நாடு என்று சொல்லவே இல்லையே? இன்சொல் எந்தப் பாஷையில் என்று அதை வைத்துத்தானே சொல்ல முடியும்.

கருங்கல்காரி:
ஐயோ, மன்னிக்கணும். ஓமன், சோஹார். அவர்கள் ஓமானிகள். அம்மா விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு முழுக்க சாம்பிராணி போடச் சொன்னாள். போடலாமா?

தேங்காப்பட்டணம் காக்கா (மஸ்கட்):
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் தம்பி ஜெர்மனிவரை போய் வந்திருக்க வேண்டாம்.

டீச்சர் சொன்ன அதே வரிசைதான் இங்கேயும். வாசலில் "அஸ்ஸலாமு அலைக்கும்" சொன்னால் சந்தோஷப்படுவார்கள், அவர்கள் முந்திக்கொண்டால் "வ அலைக்கும் ஸலாம்". அந்த அம்மாவுக்கு நீ கை கொடு, அவர் கன்னத்தோடு கன்னம் வைத்தாலும் திகைக்காதே. மேலாளருக்கு நீயாகக் கை நீட்டாதே. அவர் நீட்டினால் கொடு, இல்லாவிட்டால் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை அசை. உன் வீட்டுக்காரரும் அந்த அம்மாவிடம் அப்படியே. உட்கார்ந்ததும் ஆபீஸ் பேச்சை எடுக்க வேண்டாம். உடம்பு எப்படி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று அவர்கள் கேட்பார்கள், சுற்றிச் சுற்றி மறுபடியும் கேட்பார்கள். அதுதான் வரவேற்பு. அவசரப்பட்டு முடிக்காதே.

முதலில் பேரீச்சம்பழம், பிறகு கஹ்வா. ஏலக்காய் போட்ட, சீனி இல்லாத காப்பி. இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பை. கோப்பையில் கால் பங்குதான் ஊற்ற வேண்டும். நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று எடுத்துக்கொள்வார்கள். காலிக் கோப்பையை லேசாக ஆட்டினால் போதும் என்று அர்த்தம், ஆட்டாமல் நீட்டினால் திரும்ப ஊற்று.

சாம்பிராணிதான் முக்கியம். வளைகுடாவில் ஒரு சொலவடை உண்டு, ஊது என்ற வாசனைக் கட்டையைப் புகைத்த பிறகு உட்காருவதில்லை என்று. புகைக் கிண்ணத்தை விருந்தாளி முன்னால் கொண்டுவந்தால் இனி விடைபெறலாம் என்று பொருள். பலகாரத்தோடு அதையும் நீட்டினால் பாவம், வாயில் போட்டதை விழுங்கிவிட்டு எழும்பிவிடுவார்கள்.

குளச்சல் கடலோடி:
காக்கா, நான் பார்த்த வீடுகளில் ஆள் வருவதற்கு முன்னாலேயே புகை போட்டு வைத்திருப்பார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.

தேங்காப்பட்டணம் காக்கா (மஸ்கட்):
வீட்டுக்கு வாசனையாக முன்னாலே போடுவது வேறு, ஆளுக்கு முன்னால் நீட்டுவது வேறு. ஆனால் சில வீட்டில் வந்ததும் நீட்டுவதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாக வந்த பிள்ளை, குழப்பம் வேண்டாம், முன்கூட்டியே போட்டு ஜன்னலைத் திற. கடைசியில் அவர்கள் எழும்பும்போது இந்த ஊர் சாம்பிராணியான லுபான் கொஞ்சம் கனலில் போட்டுக் காட்டு.

அப்புறம், மூன்று நாள் பேச்சு வந்தது. விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தர்மம் என்று நபிமொழியிலும் இருக்கிறது. மூன்று நாள் உபசாரம் விருந்தாளியின் உரிமை என்றுதான் நாங்கள் படித்தது. பெட்டியைக் கையில் கொடு என்று இல்லை.

குளச்சல் கடலோடி:
மாதக்கணக்கில் இருந்தவனுக்கு அதைச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் டீச்சர்:
காக்கா சொன்ன புகைக் கிண்ணம் எனக்குப் புதிது. செல்விருந்து ஓம்பி என்று குறள் போகிறவரை முதலில் சொல்லி, வருவிருந்தைப் பிறகுதான் சொல்கிறது. எங்கள் வீட்டில் வழியனுப்ப யாராவது முக்குவரை நடப்பார்கள். நீயும் வண்டி கிளம்பும்வரை கீழே நில்லு, கதவைச் சட்டென்று சாத்தாதே.

கருங்கல்காரி:
சரி டீச்சர், சரி காக்கா. ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்து இருக்கிறது, வைக்கலாமா? கஹ்வாவுக்கு எங்களிடம் டம்ளர்தான் இருக்கிறது.

தேங்காப்பட்டணம் காக்கா (மஸ்கட்):
முந்திரிக்கொத்து தாராளமாக வை, பயறும் கருப்பட்டியும் என்று சொல்லிக் கொடு. டம்ளர் வேண்டாம், கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பை பெரிய கடைகளில் செட்டாகக் கிடைக்கும். வருகிற நேரத்தையும் கேட்டுவிடு. மக்ரிபு என்ற அந்தி நேரத் தொழுகைக்கு முன்னால் வந்தால் தொழ ஒரு சுத்தமான இடமும், தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்பதும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.