புதுப்பிப்பு: 270 வித்தியாசம் பிடிபட்டது

முன்பு கேட்டது: “பற்றுக்கும் வரவுக்கும் 270 இடிக்கிறது. எங்கே தேடுவது?”

அனுபவசாலி ஒருவர் 9 ஆல் வகுக்கச் சொன்னார். 30 வந்தது. அப்படியென்றால் நூறும் பத்தும் இடம் மாறியிருக்கலாம், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் 3 வித்தியாசம் இருக்கும் என்றார். அதற்கப்புறம் எல்லா வரியையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை; அந்த இடங்களில் 41, 52, 74 போல வரும் தொகைகள் மட்டும். பில்லில் 4,740, பேரேட்டில் 4,470!

“ஒன்பதால் வகுபட்டாலே இடமாற்றம்தான்” என்றவர் பாதி சரி. 30-ஐ 300 என்று எழுதினாலும் 270தான் இடிக்கும்.

தனக்கு 50 இடிக்கிறது என்று நடுவில் கேட்டவருக்கு: அது ஒன்பதால் வகுபடாது. 25 ஏதாவது பக்கம் மாறி ஏறியிருக்கிறதா, பாருங்கள். கிடைத்ததா என்று இன்னும் சொல்லவில்லை.