மூன்றாம் தட்டில் இரட்டை மிதி: கையும் சேர்ந்து ஓடுகிறது

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். கோயில் திருவிழாக்களில் நாலு வருஷம் உறுமி மேளம் அடித்தவன். டிரம் செட்டுக்கு வந்து மூன்று மாதம்தான். செட் பழசு: 22 அங்குல பேஸ் டிரம், 14 அங்குல ஸ்நேர், மூன்று டாம், ஹை-ஹாட், ஒரு கிராஷ்.

சாதாரண ராக் பீட்தான். வலது கை ஹை-ஹாட்டில் ‘ஒன்-அண்ட்-டூ-அண்ட்’ என்று எட்டுத் தட்டு, 2, 4-இல் ஸ்நேர், 1, 3-இல் பேஸ். மெட்ரோனோம் 60-இல் ஐந்து நிமிடம் நிற்காமல் வருகிறது. 3-ஐ அடுத்த ‘அண்ட்’டிலும் பேஸ் வைத்தால்தான் சிக்கல். அந்த இரண்டாவது மிதியோடு கையும் முந்துகிறது. 4-இல் ஸ்நேரும் ஹை-ஹாட்டும் ஒன்றாக விழாமல் ‘டடக்’ என்று பிரிகிறது. போனில் பதிவு செய்து கேட்டால் தெளிவாகத் தெரிகிறது.

வேகத்தை 50-க்கு இறக்கினேன். ஸ்டூலை உயர்த்தினேன். பெடல் ஸ்பிரிங்கை இறுக்கியதில் பீட்டர் தோலில் ஒட்டி நிற்பது குறைந்தது, அவசரம் குறையவில்லை. ஸ்நேரை விட்டுவிட்டு வலது கையும் காலும் மட்டும் அடித்தால் சரியாக வருகிறது. இடது கை சேர்ந்ததும் மறுபடி அதே ‘டடக்’.

இப்போது குதிகாலைத் தூக்கியே மிதிக்கிறேன். இந்த இரட்டை மிதி நிலைக்கும்வரை குதிகாலைப் பெடலில் ஊன்றிப் பழக வேண்டுமா, தூக்கியபடியே தொடரலாமா?