பார்க்கின்சன் நோயில் கிரியேட்டின்: 1741 பேர் ஆய்வு ஏன் பலிக்கவில்லை?

வானதி

அணுக்களுக்கு ஆற்றல் கையிருப்பாக உதவும் கிரியேட்டின், பார்க்கின்சன் உண்டாக்கப்பட்ட எலிகளில் நரம்பணுக்களைக் காப்பாற்றியது என்று படித்தேன். பிறகு 200 பேரை வைத்துச் செய்த ஆய்வும் நம்பிக்கை தந்திருக்கிறது. ஆனால் 1741 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வை 2013இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சிறியதில் பலித்தது பெரியதில் எங்கே போனது? மருந்து சரியில்லையா, ஆய்வு சரியில்லையா?

நீலகண்டன்

ஆய்வுதான் சரியில்லை என்பேன். கிரியேட்டின் வாய்வழியாகப் போனால் தசை அதை நன்றாக வாங்கிக்கொள்ளும், மூளை அவ்வளவு எளிதில் வாங்காது. மூளை தனக்கு வேண்டிய கிரியேட்டினில் ஒரு பகுதியைத் தானே தயாரிக்கிறது. இரத்தத்திலிருந்து உள்ளே விடும் வழி குறுகலானது. ஆரோக்கியமானவர்களுக்கு நாளுக்கு 20 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்து 1999இல் ஸ்கேனில் அளந்தபோது, மூளையில் சராசரியாக 9 சதவீதம்கூட ஏறவில்லை. பெரிய ஆய்வில் கொடுத்தது நாளுக்கு 10 கிராம்தான். மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே போகவில்லை என்றால், அது பயனற்றது என்று எப்படி முடிவு கட்டலாம்?

தமிழரசி

நான் மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். அளவு பற்றிய கேள்வி நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வானதி சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். சிறிய ஆய்வில் கிரியேட்டின் "பலித்தது" என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வு அந்தக் கேள்வியையே கேட்கவில்லை.

2006இல் வெளியான அந்த ஆய்வில் 200 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கிரியேட்டின், ஒன்றுக்கு மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், மற்றதற்கு மருந்தில்லாத பிளசிபோ. ஓராண்டில் நோயின் மதிப்பெண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். ஏறினால் நோய் மோசமாகிறது என்று பொருள். ஆனால் கிரியேட்டின் குழுவையும் பிளசிபோ குழுவையும் ஒப்பிட்டு முடிவெடுப்பது திட்டம் அல்ல. கேட்ட கேள்வி வேறு: "இந்த மருந்தை இப்போதே கைவிட்டுவிடலாமா?" அதற்கு ஒரு கோடு போட்டார்கள். 1980களின் இறுதியில் தொடங்கிய டேட்டாடாப் என்ற பழைய ஆய்வில், செலெகிலின் என்ற பார்க்கின்சன் மருந்தைப் பெறாத நோயாளிகளுக்கு மதிப்பெண் ஓராண்டில் 10.65 ஏறியிருந்தது. அதில் 30 சதவீதம் குறைந்தால் 7.46. புதிய மருந்து அந்தக் கோட்டைவிடத் தெளிவாக மோசமாக இருந்தால் கைவிடலாம். இல்லையென்றால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாம்.

வந்த முடிவைப் பாருங்கள். கிரியேட்டின் குழுவுக்கு 5.6, மினோசைக்ளின் குழுவுக்கு 7.09. இரண்டுமே தேறிவிட்டன. ஆனால் அதே ஆய்வில் பிளசிபோ குழுவுக்கு 8.39தான் ஏறியது. பழைய ஆய்வின் நோயாளிகளைவிட இந்த நோயாளிகள் மருந்தே இல்லாமலும் மெதுவாகத்தான் மோசமானார்கள். ஆக, கோடு தாராளமாகப் போடப்பட்டிருந்தது. "கைவிட வேண்டாம்" என்ற அந்த முடிவைச் செய்திகள் "நம்பிக்கை தருகிறது" என்று எழுதின. ஏமாற்றத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிட்டது.

நீலகண்டன்

நீங்கள் தந்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். பழைய ஆய்வை விட்டுவிடலாம். அதே ஆய்வின் பிளசிபோ 8.39. அதில் 30 சதவீதம் குறைத்தால் 5.87. மினோசைக்ளின் அதைத் தாண்டவில்லை, சரி. கிரியேட்டின் 5.6. அது தாண்டிவிட்டதே! கடினமான கோட்டையும் தாண்டிய மருந்தை வெறும் தற்செயல் என்று எப்படி ஒதுக்குவீர்கள்?

தமிழரசி

கணக்கு சரி. அதனால்தான் கிரியேட்டினைப் பெரிய ஆய்வுக்கு எடுத்துச் சென்றார்கள், நானும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் குழுவுக்கு ஏறத்தாழ 67 பேர்தான். பார்க்கின்சன் மதிப்பெண் ஆளுக்கு ஆள், ஏன், அதே ஆளுக்கே நாளுக்கு நாள்கூட நிறைய மாறும். அந்த அளவுக் குழுக்களில் 8.39க்கும் 5.6க்கும் உள்ள வித்தியாசம் மருந்தால் வந்ததா, யார் எந்தக் குழுவில் விழுந்தார்கள் என்பதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. அந்த ஆண்டே ஜெர்மனியில் 60 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வும் வெளியானது. நோய் மதிப்பெண்ணிலும் டோபமின் ஸ்கேனிலும் கிரியேட்டினால் மாற்றம் இல்லை. மனநிலை மட்டும் கொஞ்சம் நன்றாக இருந்தது, டோபமின் மருந்தின் அளவைக் குறைவாகவே கூட்ட வேண்டியிருந்தது. அதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஜோசப்

மன்னிக்கவும், நீங்கள் இருவரும் கோடு, எண் என்று பேசுகிறீர்கள். என் மனைவிக்குப் பார்க்கின்சன். கிரியேட்டின் தொடங்கிய பிறகு நாற்காலியிலிருந்து எழுவது எளிதாகிவிட்டது, உடற்பயிற்சியில் எடையும் கூடுதலாகத் தூக்குகிறாள். பயன் இல்லை என்று ஆய்வு சொன்னால் கண்ணால் பார்ப்பதை என்ன செய்வது? இதற்கிடையில் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடிவிட்டது, சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயமாகவும் இருக்கிறது.

தமிழரசி

ஜோசப் சார், நீங்கள் பார்ப்பது உண்மையாகவே இருக்கலாம். கிரியேட்டின் தசைக்குப் போய்ச் சேர்கிறது. பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு எடைப் பயிற்சியுடன் கிரியேட்டின் கொடுத்த ஒரு சிறிய ஆய்வில் மேல் உடல் வலிமை கூடியது. ஆனால் இங்கே பேசுவது வேறு கேள்வி: மூளையில் நரம்பணுக்கள் சாவதை அது மெதுவாக்குமா? தசை வலுப்பட்டதால் அதற்கு விடை கிடைக்காது.

கிரியாட்டினின் விஷயம் அவசியம் கவனிக்க வேண்டியது. உடலில் கிரியேட்டின் சிதைந்துதான் கிரியாட்டினின் ஆகிறது. கூடுதலாகச் சாப்பிட்டால் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் கொஞ்சம் ஏறும், அதை வைத்துக் கணக்கிடும் சிறுநீரகத் திறன் குறைவாகக் காட்டும். ஆனால் உண்மையான சிறுநீரகக் கோளாறும் இதே எண்ணை ஏற்றும், அதனால் நீங்களாக ஒதுக்கிவிடாதீர்கள். கிரியேட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லி, சிஸ்டாட்டின் சி பரிசோதனையும் எடுக்கலாமா என்று கேளுங்கள். கிரியேட்டின் சாப்பிடுவதால் அந்த எண் மாறாது, அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும்.

செந்தில்

எல்லோரும் 200 பேர் ஆய்விலேயே நிற்கிறோம். பெரிய ஆய்வு எப்படி நடந்தது என்று யாராவது சொல்லுங்கள். அதில் லெவோடோபா போன்ற டோபமின் மருந்து ஏற்கெனவே சாப்பிடுபவர்களைச் சேர்த்தார்களே, அது எதற்கு? அந்த மருந்து அறிகுறிகளை மறைத்துவிடாதா?

தமிழரசி

மறைக்கும். அது தெரிந்தேதான் சேர்த்தார்கள். 2007இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 45 மையங்களில் தொடங்கிய ஆய்வு அது. நோய் கண்டறிந்து ஐந்து ஆண்டுக்குள், டோபமின் மருந்து தொடங்கியிருந்தவர்கள். ஐந்து ஆண்டாவது பின்தொடர வேண்டும். அவ்வளவு காலம் யாரையும் லெவோடோபா இல்லாமல் வைத்திருக்க முடியாது. ஆகவே நடுக்கத்தையும் விறைப்பையும் மட்டும் அளக்காமல் ஐந்து அளவுகளைச் சேர்த்தார்கள்: மொத்த இயலாமை, அன்றாட வேலைகள், நடை, சிந்தனை வேகம், வாழ்க்கைத் தரம். எல்லோரையும் ஒவ்வொரு அளவிலும் வரிசைப்படுத்தி, அந்த வரிசை எண்களைக் கூட்டினார்கள். அதிகமானால் நிலைமை மோசம்.

955 பேர் ஐந்தாண்டை முடித்தபோது இடைக்கணக்குப் பார்த்தார்கள். சராசரி பிளசிபோவில் 2360, கிரியேட்டினில் 2414. வித்தியாசம் புள்ளியியல்படி ஒன்றுமில்லை, இருந்ததும் கிரியேட்டினுக்கு எதிர்ப்பக்கம். தொடர்ந்தாலும் பயன் தெரிய வாய்ப்பில்லை என்று நிறுத்தினார்கள். ஆபத்து எதையும் கண்டு நிறுத்தவில்லை. 2015இல் ஜாமா இதழில் வெளியானது.

நீலகண்டன்

ஆக, மூளைக்குள் எவ்வளவு போனது என்பது அந்த ஐந்து அளவுகளில் இல்லவே இல்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

தமிழரசி

அந்த ஐந்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவைக் கூட்டினால் தீர்ந்துவிடும் என்பதற்கு எதிரான ஒரு சான்று இருக்கிறது. ஹன்டிங்டன் நோயில் 553 பேருக்கு நாளுக்கு 40 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் அதையும் பயன் தெரிய வாய்ப்பில்லை என்ற இதே காரணத்துக்காக நிறுத்தினார்கள்.

நீலகண்டன்

அது வேறு நோய், சாகும் அணுக்களும் வேறு. அதை வைத்துப் பார்க்கின்சனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

தமிழரசி

தீர்ப்பு இல்லை. ஆனால் "10 கிராம்தான் தவறு, கூட்டினால் போதும்" என்ற பேச்சின் பலம் அதனால் குறைகிறது.

செந்தில்

எனக்குப் படுவது வேறு. எலிச் சோதனையைக் கவனியுங்கள். அதில் பயன்பட்டது எம்.பி.டி.பி. என்ற நஞ்சு. அணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கும் வேலையின் முதல் கட்டத்தையே அடைத்து ஆற்றலை வற்றவைத்துச் சில நாளில் அணுக்களைக் கொன்றுவிடும். நஞ்சு கொடுப்பதற்கு முன்பே உணவில் கிரியேட்டின் சேர்த்திருந்தார்கள். ஆற்றல் திடீரென வற்றும்போது, முன்கூட்டிச் சேர்த்த கையிருப்பு காப்பாற்றுகிறது. அது எதிர்பார்க்கக்கூடியதே.

மனிதர்களுக்கு அப்படி நடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வரும் நோய், ஆல்ஃபா சைனூக்ளின் புரதம் திரண்டு படிகிறது, ஆற்றல் குறைவு அதில் ஓர் இழைதான். மேலும், இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 2013இல் வந்த கட்டுரையின்படி, நோய் கண்டறிந்து நான்கு ஆண்டு ஆனவர்களின் மூளையில் அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும் புட்டாமென் பகுதியில் டோபமின் நரம்பு முனைகள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தன. பெரிய ஆய்வில் சேர்ந்தவர்களில் சிலர் அந்தக் கட்டத்தை நெருங்கியிருப்பார்கள். எலியில் முன்பே காத்ததை மனிதரில் பின்னால் வந்து காக்கப் பார்த்தோம்.

வானதி

அப்படியென்றால் நோய் தெரியும் முன்பே கொடுத்துப் பார்க்கலாமே? தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால் வீசுபவர்களில் பலருக்குப் பின்னால் பார்க்கின்சன் வருகிறதாமே.

தமிழரசி

யோசனை நல்லது, நானும் அதை விரும்புவேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தூக்கக் கோளாறு உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான் பார்க்கின்சனுக்கோ அதன் உறவு நோய்களுக்கோ போகிறார்கள். 300 பேர் கொண்ட குழுவில் ஆண்டுக்கு 18 பேர். மருந்து அதை 30 சதவீதம் குறைத்தால் 12 அல்லது 13. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைத் தற்செயலிலிருந்து பிரிக்கப் பல நூறு பேரைப் பல ஆண்டு பின்தொடர வேண்டும், அவர்களில் பலருக்கு நோய் வராமலே போகும். அதற்கு முன் மூளையில் கிரியேட்டின் ஏறுகிறதா என்று நீலகண்டன் சொன்னபடி ஸ்கேனில் காட்டியாக வேண்டும். அது தெரியாமல் அடுத்த பெரிய ஆய்வுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீலகண்டன்

இதில் மட்டும் நாம் ஒத்துப்போகிறோம். ஆனால் 10 கிராமில் தோற்றதை "கிரியேட்டின் தோற்றது" என்று எழுதுவதை நான் இன்னும் ஏற்கவில்லை.

ஜோசப்

சிஸ்டாட்டின் சி பற்றி அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கிறேன். மனைவியின் பயிற்சியை நிறுத்தப் போவதில்லை.