மில்லிங் மெஷின் வாங்கினேன்: போட்ட 22 இலட்சம் எப்போது திரும்பும்? என் கணக்கும் உங்கள் அனுபவமும்

ஹட்டன் லேத் பட்டறை

எங்களுடையது சின்னப் பட்டறை. ஒரு லேத், ஒரு வெல்டிங் பிளான்ட், நானும் ஒரு பையனும். வேலையில் பெரும்பகுதி தேயிலை ஸ்டோர்களிலிருந்து வருவது: ரோலர் ஷாப்ட், புஷ், டிரையர் செயின் வீல். ஷாப்டை நாங்களே கடைந்துவிடுவோம். ஷாப்டில் கீவேப் பள்ளம் வெட்டவும் பல்சக்கரம் வெட்டவும் கண்டிக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவு பல வருடமாக மனதை அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் பழைய ஜப்பான் மில்லிங் மெஷின் ஒன்றைப் பார்க்கக் கொழும்புக்குப் போனேன்.

விற்றவர் போட்ட கணக்கு ரொம்ப எளிது. "நாளைக்கு 15,000 ரூபாய் வேலை, மாதம் 22 நாள், 3,30,000. மெஷின் விலை 16,50,000. ஐந்தே மாதத்தில் எடுத்துவிடலாம்." கேட்க இனிக்கத்தான் செய்தது. ஆனால் நாளைக்கு 15,000 ரூபாய்க்கு மில்லிங் வேலை ஹட்டனில் யார் தருவார்?

வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக் கண்டி பில்களை எடுத்து மேசையில் பரப்பினேன். மொத்தம் 7,80,000. மாதத்துக்கு 65,000. இது நான் உண்மையில் கையிலிருந்து கொடுத்த பணம், மெஷின் வந்தால் மிச்சமாகும். பொருளை ஏற்றி இறக்கிய செலவு மாதம் 9,000. நேரமில்லை என்று திருப்பி அனுப்பிய வேலைகளை ஞாபகத்திலிருந்து கூட்டி 30,000 என்று வைத்தேன். ஆக மாதம் 1,04,000.

அப்புறம் புதிதாக வரும் செலவு. கரண்ட் 7,000, கட்டர் தேய்மானமும் சாணையும் 9,000, எண்ணெய், பராமரிப்பு 5,000. பையனுக்குச் சம்பளம் 13,000 கூட்டினேன். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் நம் பங்கு சேர்த்தால் 15,000. மொத்தம் 36,000. மிஞ்சுவது 68,000.

போட்ட பணமும் வெறும் 16,50,000 அல்ல. லொறி, கிரேன் 95,000. கொங்கிறீட் தளம், வயரிங் 1,80,000. வைஸ், டிவைடிங் ஹெட், கட்டர் செட் 2,75,000. எல்லாம் சேர்ந்து 22 இலட்சம். அதை 68,000-ஆல் வகுத்தால் 32 மாதம். ஐந்து எங்கே, 32 எங்கே! அப்படியும் வாங்கினேன். 22 இலட்சத்தில் 12 இலட்சம் வங்கிக் கடன், வருடம் 15 சதவீதம், நான்கு வருடம்.

இன்றோடு 14 மாதம் முடிகிறது. மெஷின் வாங்கியவர்கள் உங்கள் கணக்கை எப்படிப் போட்டீர்கள்?

தலவாக்கலை வெல்டிங்

அண்ணே, நீங்கள் தவணையைக் கழிக்கவில்லையே! 12 இலட்சத்துக்கு மாதம் 33,000-க்கு மேல் தவணை வரும். 68,000-இல் அதைக் கழித்தால் 35,000கூட இல்லை. அப்படிப் பார்த்தால் பணம் திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். நான் மிக் வெல்டிங் பிளான்ட் வாங்கியது 2022 தொடக்கத்தில். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. என் கடன் மாறும் வட்டி. தவணை ஏறிய வேகத்தில் என் காகிதக் கணக்கெல்லாம் குப்பையானது.

கண்டி, கணக்குப் பதிவு

தலவாக்கலைத் தம்பி சொல்வதில் பாதி சரி. தவணைக்குள் இரண்டு பணம் இருக்கிறது: முதலும் வட்டியும். முதல் ஏற்கெனவே அந்த 22 இலட்சத்துக்குள் இருக்கிறது. அதை மாதாமாதமும் கழித்தால் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுகிறோம். வட்டியை மட்டும் சேர்க்க வேண்டும். இந்தக் கடனுக்கு நான்கு வருட வட்டி ஏறக்குறைய 4 இலட்சம். 26 இலட்சத்தை 68,000-ஆல் வகுத்தால் 38 மாதம். ஐந்து வருடம் இல்லை, 32 மாதமும் இல்லை.

ஆனால் தம்பியின் பயம் வேறு இடத்தில் நியாயமானது. பணம் எப்போது திரும்பும் என்பது ஒரு கேள்வி, மாதம் பிறந்தால் தவணை கட்ட முடியுமா என்பது இன்னொரு கேள்வி. ஹட்டன் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறட்சி, கொழுந்து குறைவு, ஸ்டோர்கள் மெஷின்களைக் கழற்றிப் பழுது பார்க்கும். அப்போது உங்களுக்கு வேலை குவியும். கொழுந்து கொட்டும் மாதங்களில் உடைந்தது மட்டும்தான் வரும். 68,000 என்பது சராசரி. தவணைக்குச் சராசரி தெரியாது. மெலிந்த மாதங்கள் மூன்றுக்கான தவணை, ஏறத்தாழ ஒரு இலட்சம், தனியாக இருக்கிறதா?

வருமான வீதத்தையும் பாருங்கள். இங்கே தேய்மானத்தைக் கழிக்க வேண்டும், முன்னைய கணக்கில் வேண்டாம். எட்டு வருடம் ஓட்டி 6 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்தால் வருடத் தேய்மானம் 2 இலட்சம். வருட மிச்சம் 8,16,000-இல் அதைக் கழித்தால் 6,16,000. போட்ட 22 இலட்சத்தில் 28 சதவீதம், வட்டிக்கு முன். கடன் வட்டி 15 என்பதால் தாங்கும். 2022 இறுதியில் இருந்த வட்டியில் என்றால் வாங்க வேண்டாம் என்றிருப்பேன்.

பண்டாரவளை தச்சு

நான் திக்னஸ் பிளேனர் வாங்கினேன். கையால் இழைக்கும் மூன்று மணி நேரம் நாள்தோறும் மிச்சம். மணிக்கு 500 ரூபாய் என்று போட்டு எட்டு மாதத்தில் விலையை எடுத்துவிட்டேன். உங்கள் மில்லிங்குக்கும் நேரத்தை வைத்தே போடலாமே.

கண்டி, கணக்குப் பதிவு

அந்த மூன்று மணி நேரத்தில் இன்னொரு கதவு செய்து விற்றீர்களா? விற்றிருந்தால் அது வரவு. சீக்கிரம் கடை சாத்தினீர்கள் என்றால் பெட்டியில் ஒரு ரூபாயும் கூடவில்லை.

பண்டாரவளை தச்சு

சில நாள் விற்றேன், சில நாள் இல்லை. ஆனால் தோள்வலி போனது. அதற்கு விலை இல்லை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஹட்டன் லேத் பட்டறை

கண்டி அண்ணன் சொன்ன வட்டியை நான் சேர்க்கவில்லை, உண்மை. நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் கொப்பியில் ஒரு வரி: தேதி, எடுத்த மணி, கண்டியில் என்ன கேட்டிருப்பார்கள், நமக்கு என்ன செலவு. தோட்டங்கள் பில்லுக்குக் காசு தர இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதனால் வெளிவேலையைக் காசு கைக்கு வந்த நாளில்தான் எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் சேர்ந்தே 55,000தான். கட்டர்களை உடைத்தோம். மேசைத் திருகின் நட் தேய்ந்திருந்தது. கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் கால் சுற்று வரை மேசை அசையவில்லை. கீவே அகலம் தப்பியது. வாங்கும்போது கைப்பிடியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். புது நட்டுக்கு 60,000. ஆக முதலீடு 22,60,000.

அடுத்த 11 மாதத்தில் 6,55,000 மிஞ்சியது, மாதம் 59,500. ஞாபகத்திலிருந்து போட்ட அந்த 30,000தான் விழுந்தது. புது வேலை 21,000-ஐத் தாண்டவில்லை. மீதி 15,50,000-க்கு இன்னும் 26 மாதம். மொத்தம் 40, வட்டியைச் சேர்த்தால் 47-ஐ ஒட்டி வரும்.

தலவாக்கலை வெல்டிங்

அப்போ கடன் முடியும்போதுதான் மெஷினும் முடியும். ஒன்று மட்டும் கேட்கிறேன், இரவில் நீங்களே நின்று ஓட்டும் நேரத்துக்குக் கூலி போட்டீர்களா?

ஹட்டன் லேத் பட்டறை

போடவில்லை தம்பி. கொப்பியில் அதற்கு ஒரு நிரல் இருக்கிறது, மணி மட்டும் எழுதியிருக்கிறேன். 14 மாதத்தில் 410 மணி. பக்கத்தில் ரூபாய் இன்னும் எழுதவில்லை.