மூட்டுப் புள்ளியில் வகையீடு: b எதுவாகவும் இருக்கலாமா?

உப்புவெளி_தம்பி
x ≤ 2 என்றால் f(x) = x², x > 2 என்றால் f(x) = ax + b. x = 2 இல் வகையிடத்தக்கதாக இருக்க a, b என்ன? இரண்டு பக்கமும் வகையிட்டு 2x = a என்று போட a = 4 வந்தது. b காணாமல் போயிட்டுது. அப்ப b எதுவும் எடுக்கலாமா? விடையில b = −4 என்று கிடக்கு.

மூதூர்_மச்சான்
எடுக்கலாம் தம்பி. மாறிலியை வகையிட்டால் பூச்சியம்தானே. b கோட்டை மேலே கீழே தூக்கி வைக்குமே ஒழிய படித்திறனைத் தொடாது. இரண்டு பக்கமும் 4 என்றால் அலுவல் முடிஞ்சுது. −4 சும்மா ஒரு உதாரணத்துக்குப் போட்டிருப்பாங்க.

கோணமலை_கணக்கு
முடியேல்லை. b = 0 என்று எடுத்து வரைவிலக்கணத்தில் போட்டுப் பாருங்கோ. f(2) என்பது முதற் துண்டுக்குரியது, அது 4. வலப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் f(2 + h) = 8 + 4h. அப்ப

(f(2 + h) − f(2)) / h = (4 + 4h) / h = 4/h + 4

h = 0.1 க்கு 44, 0.01 க்கு 404, 0.001 க்கு 4004. இது 4 பக்கம் போகவே இல்லை, ஏறிக்கொண்டே போகுது. இடப்பக்கம் h = −0.01 க்கு 3.99, அது ஒழுங்காக 4 க்குப் போகும். வலப்பக்க எல்லையே இல்லாதபோது பெறுதி எங்கே?

பிழை நடந்த இடம் இதுதான்: 4x + b ஐ வகையிடும்போது அந்தக் கோடு தன்னுடைய 2 இல் என்ன பெறுமானம் எடுக்குதோ அதிலிருந்துதான் வித்தியாசம் பார்க்கிறோம். f இன் புள்ளி அங்கே இல்லை, கீழே 4 இல் நிற்கிறது. சூத்திரத்துக்கு அந்த இடைவெளி தெரியாது. ஆகவே முதல் வேலை 4 = 2a + b. பிறகு a = 4. இரண்டும் சேர்ந்தால்தான் b = −4. அந்த b யோடு வலப்பக்கத்தை மறுபடி போட்டால் 4(2 + h) − 4 − 4 = 4h, h ஆல் பிரிக்க நேராக 4.

மூதூர்_மச்சான்
சரி அக்கா, தொடர்ச்சி வேணும், ஒத்துக்கொள்ளுறன். ஆனா அதுக்குப் பிறகு ஏன் h எல்லாம்? தொடர்ச்சி பார், துண்டுகளை வகையிடு, இரண்டு எல்லையும் சமன் என்றால் பெறுதி உண்டு, இல்லையென்றால் இல்லை. எந்தக் கணக்குக்கும் இது காணும்.

கோணமலை_கணக்கு
"உண்டு" என்ற பாதி சரி. தொடர்ச்சியான சார்பில் வகையிட்டு வந்த எல்லை இருந்தால் ஒருபக்கப் பெறுதியும் அதுவேதான். லாக்ராஞ்சின் சராசரிப் பெறுமானத் தேற்றம் அதற்குக் காவல். இரண்டு எல்லையும் இருந்து அவை வேறு வேறாக வந்தால் "இல்லை" என்றும் துணிந்து சொல்லலாம்.

எல்லையே வராவிட்டால் மட்டும் ஒன்றும் சொல்லேலாது. x ≠ 0 க்கு x² sin(1/x), f(0) = 0 என்று எடுங்கோ. வகையிட்டால் 2x sin(1/x) − cos(1/x). 0 ஐ நெருங்க நெருங்க அந்த cos, −1 க்கும் 1 க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருக்கும். உங்கட வழியில் "பெறுதி இல்லை" என்று எழுதிவிடுவீங்க. வரைவிலக்கணத்தில் போட்டால் h sin(1/h). அதன் அளவு |h| ஐத் தாண்டாது, ஆகவே 0 க்குப் போகும். f′(0) = 0, சந்தேகமே இல்லை.

மூதூர்_மச்சான்
அப்படிக் கணக்கு உயர்தரத்தில எங்க வருது?

கிண்ணியா_நானா
இதுக்குள்ள நான் ஒண்டு கேக்கன். |x| க்கு 0 இல் பெறுதி இல்லை என்கிறீங்க. என்ட கல்குலேட்டரில d/dx போட்டு x = 0 குடுத்தா 0 என்று வருது. மிஷின் பிழையா, புத்தகம் பிழையா?

கோணமலை_கணக்கு
புத்தகம் சரி நானா. மிஷின் வேற கேள்விக்கு விடை சொல்லுது. அப்படியான கருவிகள் பல, புள்ளிக்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் ஒவ்வொரு பெறுமானம் எடுத்து (f(x + h) − f(x − h)) / 2h என்று பிரிக்கும். |x| க்கு 0 இல் |h| உம் |−h| உம் ஒன்றையொன்று வெட்டிவிடும், விடை 0. நடுப்புள்ளியை அது பார்க்கவே இல்லை. வலம் 1, இடம் −1, அவற்றின் சராசரிதான் உங்களுக்குத் திரையில் தெரிந்தது. சோதிக்க வேணுமென்றால் |x| + x ஐப் போடுங்கோ. வலம் 2, இடம் 0. திரையில் 1 வந்தால் விளங்கிவிடும், அது இரண்டு பக்கத்துக்கும் உரிய எண்ணே இல்லை.

நிலாவெளி_ஓட்டோ
எங்கட ஓட்டோக் கட்டணமும் இதுதானே? முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபா, பிறகு கிலோமீற்றருக்கு 90 என்று வையுங்கோ. சரியா 1 கிலோமீற்றரில கூடுற வீதம் என்ன? 90 தானே?

கோணமலை_கணக்கு
இடப்பக்கம் 0, வலப்பக்கம் 90. தொடர்ச்சி உண்டு, பெறுதி இல்லை, |x| மாதிரியே ஒரு மூலை. இனி ஓடப்போகிற தூரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் 90 சரி, ஆனால் அது வலப்பக்கப் பெறுதி மட்டும். மீற்றர் 100 மீற்றருக்கு ஒருக்கா 9 ரூபா பாய்ந்தால் கதை வேற. அது படிக்கட்டு. படிகளில் பெறுதி 0, பாயுற இடத்தில் தொடர்ச்சியே இல்லை.

உப்புவெளி_தம்பி
அக்கா, இன்னொன்று. |x³ − x²|. உள்ளே பூச்சியமாகிற இடம் x = 0, x = 1. இரண்டிலும் வகையிடேலாது என்று எழுதினன். சரியா?

மூதூர்_மச்சான்
சரி. மட்டுக்குள்ள பூச்சியம் வந்தா அங்க மூலைதான்.

கோணமலை_கணக்கு
1 இல் மட்டும். உள்ளே இருப்பதை g என்று வைத்தால், பூச்சியமாகிற இடத்தில் |g| இன் வலப்பக்கப் பெறுதி |g′|, இடப்பக்கம் −|g′|. கீழே இருக்கிற h மறையாகிறதால் குறி திரும்புது. இந்த இரண்டும் சமனாக வேணுமென்றால் g′ = 0 ஆகவேணும். இங்கே g′ = 3x² − 2x. x = 1 இல் 1, ஆகவே 1 உம் −1 உம், மூலை. x = 0 இல் g′ = 0, அங்கே வளையி x அச்சைத் தடவிவிட்டுப் போகும், பெறுதி 0. மடிக்கும்போது வளையி அச்சைச் சரிவாக வெட்டினால்தான் கூர் வரும், தொட்டுக்கொண்டு போனால் வராது.

மூதூர்_மச்சான்
சரி, அதில நான் பிழை. ஆனா தம்பியின்ட முதல் கணக்கில தொடர்ச்சியைக் காட்டி 2x = a என்று எழுதினா புள்ளி குறைக்க ஞாயமில்லை. நீங்களே தேற்றம் இருக்கு என்றீங்க.

கோணமலை_கணக்கு
தேற்றத்தின் பெயரை எழுதினால் நான் குறைக்கமாட்டன். "முதற்தத்துவத்திலிருந்து" என்று கேள்வியில் இருந்தால் குறைப்பன்.

மூதூர்_மச்சான்
தம்பியின்ட கேள்வியில அப்படி ஒரு சொல்லும் இல்லையே.

உப்புவெளி_தம்பி
இரண்டும் எழுதி விடுறன். h வழியில 4h / h, மூன்று வரிதான் வருது.